இரண்டாம் வித்தியாசம் 3 எண்டா n² க்கு முன்னால 3 வராது

யாழ்ப்பாணத்தில கணக்கு ரியூசன் குடுக்கிற ஆள் நான். ஓ/எல் பிள்ளையளும் வருகினம், லண்டனில ஜிசிஎஸ்இ செய்யிற பிள்ளையளும் ஸூமில வருகினம். கூட்டல் விருத்தி எண்டா ரெண்டு பக்கத்துப் பிள்ளையளுக்கும் தண்ணிபட்ட பாடு, 5, 8, 11, 14 எண்டு குடுத்தா யோசிக்காமலே 3n + 2 எண்டு எழுதிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவினம். வித்தியாசமே கூடிக்கொண்டு போற எண் கோலம் வரேக்கதான் கை நிக்கும். இருபடிக் கோலத்தில பிள்ளையள் புள்ளி விடுற இடம் எப்பவும் கிட்டத்தட்ட ஒரே இடம்தான், அதைப் பற்றித்தான் இது.

நான் வகுப்பில செய்விக்கிற கணக்கு ஒண்டோடயே போவம். விளக்குமாத்தில இருந்து கொஞ்ச ஈர்க்கை உருவி ஒரே நீளத்துக்கு முறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ (வீட்டில பேச்சு விழும், அது உங்கட பாடு). மூண்டு ஈர்க்கில ஒரு சின்ன முக்கோணி. அதுக்குக் கீழ இன்னொரு வரிசை சேர்த்து ரெண்டு வரிசை உள்ள பெரிய முக்கோணி ஆக்கினா மொத்தம் 9 ஈர்க்கு. மூண்டு வரிசைக்கு 18, நாலு வரிசைக்கு 30, அஞ்சு வரிசைக்கு 45. இப்ப கேள்வி, n வரிசைக்கு எத்தினை ஈர்க்கு வேணும்?

```
3    9    18    30    45
   6    9    12    15
      3    3     3
```

மேல இருக்கிறது உறுப்புகள், நடுவில முதல் வித்தியாசம், கீழ இரண்டாம் வித்தியாசம். முதல் வித்தியாசம் மாறுது, அதால இது கூட்டல் விருத்தி இல்லை. இரண்டாம் வித்தியாசம் மாறாமல் 3 ஆவே நிக்குது, அதால n ஆம் உறுப்பு an² + bn + c எண்ட வடிவத்தில வரும். இதுவரைக்கும் எல்லாரும் சரியாத்தான் செய்யினம். அடுத்த வரியிலதான் வில்லங்கம், இரண்டாம் வித்தியாசம் 3 தானே எண்டு a = 3 எண்டு போட்டுடுவினம். அப்பிடிப் போட்டு 3n² எண்டு எழுதி, n = 1 போட்டுப் பாத்தா 3 வருது, முதல் உறுப்பும் 3, சரி எண்டு பேனையை வைச்சிடுவினம். n = 2 போட்டிருந்தா 12 வந்திருக்கும், உண்மையில வேண்டியது 9. இன்னும் சிலபேர் முதல் வித்தியாசத்தில முதல் நிக்கிற 6 ஐப் பிடிச்சு 6n − 3 எண்டு எழுதுவினம், அது இன்னும் மோசம், ஏனெண்டா n = 1 க்கும் சரி வரும், n = 2 க்கும் சரி வரும், மூண்டாவதிலதான் 18 வர வேண்டிய இடத்தில 15 வந்து நிக்கும். அதால நான் சொல்லுறது, இருபடிக் கோலத்தில கண்டுபிடிச்ச விடையை n = 1 இல செக் பண்ணுறது செக் பண்ணாமல் விடுறதுக்குச் சமன், நாலாவது அஞ்சாவது உறுப்பில போட்டுப் பாருங்கோ.

சரி, a ஏன் 3 இல்லை? n² ஐ மட்டும் தனியா எடுத்துப் பாருங்கோ. 1, 4, 9, 16, 25. முதல் வித்தியாசம் 3, 5, 7, 9. இரண்டாம் வித்தியாசம் 2, 2, 2. அதாவது n² ஒண்டு இருந்தாலே இரண்டாம் வித்தியாசத்தில 2 வந்திடும். 5n² எண்டா 10 வரும், an² எண்டா 2a வரும். பின்னால நிக்கிற bn முதல் வித்தியாசத்துக்கு ஒவ்வொரு இடத்திலயும் அதே b ஐத்தான் குடுக்கும், அதால இரண்டாம் வித்தியாசத்துக்குப் போகேக்க இல்லாமல் போயிடும், c முதல் வித்தியாசத்திலயே கழிஞ்சிடும். ஆக இரண்டாம் வித்தியாசத்தில மிஞ்சுறது 2a மட்டும். எங்கட கணக்கில 2a = 3, அப்ப a = 3/2. பின்னம் வந்தோடன பிள்ளையள் பயந்துபோய், எங்கயோ பிழைச்சிட்டுது எண்டு முழுக்க வெட்டிப்போட்டுத் திரும்பத் துவங்குவினம். பிழைக்கேல்ல. உறுப்புகள் எல்லாம் முழு எண்ணா இருந்தாலும் குணகம் அரைவாசியில வரலாம், இரண்டாம் வித்தியாசம் ஒற்றை எண் எண்டா வந்தே தீரும்.

இனி b, c. புத்தகங்களில பொதுவா n = 1, n = 2 எண்டு பிரதியிட்டு ரெண்டு சமன்பாடு எழுதித் தீர்க்கச் சொல்லுவினம், அதுவும் சரிதான், ஆனா எனக்குப் பிடிச்சது அட்டவணையைப் பின்பக்கமா ஒரு படி நீட்டுறது. முதல் வித்தியாசம் 6, 9, 12 எண்டு மூண்டு மூண்டா ஏறுது, அப்ப 6 க்கு முதல் என்ன இருந்திருக்கும்? 3. முதல் உறுப்பு 3, அதுக்கு முந்தின வித்தியாசம் 3, அப்ப அதுக்கு முதல் நிண்ட உறுப்பு 3 − 3 = 0. இதுதான் பூச்சியமாவது உறுப்பு. an² + bn + c இல n = 0 போட்டா c மட்டும்தானே மிஞ்சும், அதால c = 0. வரிசையே இல்லாத முக்கோணிக்கு ஈர்க்கு வேண்டாம் தானே, அதோடயும் பொருந்துது. அடுத்தது, பூச்சியமாவது உறுப்பில இருந்து முதலாவதுக்குப் போக கூடினது a + b. அது 3. a = 3/2 எண்டு ஏற்கனவே தெரியும், அப்ப b உம் 3/2. முழுக்கச் சேர்த்தா n ஆம் உறுப்பு (3/2)n² + (3/2)n, அழகா எழுதினா 3n(n + 1)/2. n = 5 போட்டுப் பாருங்கோ, 3 × 5 × 6 ஐ ரெண்டால பிரிச்சா 45. சரி.

பேப்பரில சிலவேளை அடுத்த பகுதியா, சரியா 200 ஈர்க்கில இப்பிடி ஒரு முக்கோணி கட்டலாமோ எண்டு கேப்பினம். n(n + 1) = 400/3 எண்டு வருது, அது முழு எண்ணே இல்லை, அதால ஏலாது. 11 வரிசைக்கு 198 போகும், ரெண்டு ஈர்க்கு மிஞ்சும்.

இனித்தான் நான் முக்கியமா நினைக்கிற விசயம். இரண்டாம் வித்தியாசம் மாறேல்ல எண்டு நாங்கள் கண்டது அஞ்சு உறுப்புக்குத்தான். நூறாவது வரிசையிலயும் அப்பிடித்தான் இருக்கும் எண்டதுக்கு அட்டவணை ஒரு உத்தரவாதமும் தராது. ஈர்க்குக் கணக்கில அந்த உத்தரவாதம் உருவத்திலயே இருக்கு. நுனி மேல பாத்த சின்ன முக்கோணிகளை மட்டும் எண்ணுங்கோ, முதல் வரிசையில 1, ரெண்டாம் வரிசையில 2, n ஆம் வரிசையில n. நுனி கீழ பாத்த முக்கோணிகளுக்குத் தனியா ஈர்க்கு வைக்கேல்ல, பக்கத்து முக்கோணிகளின்ர ஈர்க்குத்தான் அதுகளையும் மூடுது. ஒவ்வொரு ஈர்க்கும் மேல பாத்த முக்கோணி ஒண்டே ஒண்டுக்குத்தான் சொந்தம். அப்ப மொத்தம் 3 × (1 + 2 + … + n), அடைப்புக்குள்ள இருக்கிறது முக்கோண எண், அது n(n + 1)/2. அதே விடைதான், ஆனா இப்ப எந்த n க்கும் சரி எண்டு சொல்ல ஏலும்.

உருவத்தைப் பாக்காமல் எண்ணை மட்டும் நம்பினா என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு வட்டம் கீறுங்கோ. வட்டத்தின்ர பரிதியில ஒரு புள்ளி வைச்சா வட்டம் ஒரே பகுதி. ரெண்டு புள்ளி வைச்சு இணைச்சா 2 பகுதி, மூண்டு புள்ளி எண்டா 4, நாலுக்கு 8, அஞ்சுக்கு 16, எல்லாப் புள்ளியையும் ஒண்டோடொண்டு இணைக்க வேணும், உள்ளுக்க மூண்டு கோடு ஒரே இடத்தில வெட்டாமலும் பாக்க வேணும். ஆறாவதுக்கு எல்லாரும் 32 எண்டுதான் சொல்லுவினம். கீறி எண்ணினா 31. இது இரட்டிக்கிற கோலமே இல்லை, வித்தியாசத்துக்கு வித்தியாசம் எடுத்துக்கொண்டு போனா நாலாம் வித்தியாசத்திலதான் மாறாமல் நிக்கும், அதாவது n⁴ வரை போற கோவை. இன்னொண்டு, 1, 2, 4 எண்டு மூண்டு உறுப்பு மட்டும் தந்தா அடுத்தது என்ன? இரட்டிக்கிற ஆள் 8 எண்டுவார். தோசையை நேர் கோடாய் வெட்டுற ஆள், வெட்டேல்லாட்டி 1 துண்டு, ஒரு வெட்டில 2, ரெண்டு வெட்டில 4, மூண்டு வெட்டில கூடினது 7 எண்டுவார். ரெண்டு பேரும் சரி. மூண்டு உறுப்பு இருந்தா இரண்டாம் வித்தியாசம் ஒண்டே ஒண்டுதான் வரும், ஒண்டை வைச்சு "மாறேல்ல" எண்டு எப்பிடிச் சொல்லுறது? எந்த மூண்டு எண்ணைத் தந்தாலும் அதுக்குப் பொருந்த ஒரு கோவை an² + bn + c வடிவத்தில எழுதலாம். அதால மூண்டு உறுப்பு மட்டும் இருந்தா "இருபடிக் கோலம்" எண்டு கேள்வியில எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, இல்லையெண்டா குறைஞ்சது நாலு, ஏலுமெண்டா அஞ்சு உறுப்பு வேணும்.

தோசைக் கணக்கில n எங்க துவங்குது எண்டதும் கவனம். 1, 2, 4, 7 இல 1 ஐ முதலாம் உறுப்பு எண்டு எடுத்தா விடை n²/2 − n/2 + 1. n எண்டது வெட்டின தடவை எண்டா அந்த 1 தான் பூச்சியமாவது உறுப்பு, விடை n²/2 + n/2 + 1. ஒரே எண்கள்தான், குறி மட்டும் மாறுது, விடைத்தாளில அது முழுப்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் இடையில நிக்கும்.

கடைசியா வித்தியாச அட்டவணையின்ர இன்னொரு பயன், இதைப் பாடத்தில பெரிசாச் சொல்லிக் குடுக்கிறேல்ல. ஒரு பிள்ளை ஈர்க்கை எண்ணேக்க நாலாவதை 31 எண்டு எழுதிட்டுது எண்டு வைப்பம், 3, 9, 18, 31, 45, 63. முதல் வித்தியாசம் 6, 9, 13, 14, 18. இரண்டாம் வித்தியாசம் 3, 4, 1, 4. பாத்தா இது இருபடியே இல்லை எண்டு தோணும், ஆனா 3 இல இருந்து எவ்வளவு விலகியிருக்கு எண்டு பாருங்கோ: 0, +1, −2, +1. ஒரு உறுப்பு 1 ஆல கூடினா இரண்டாம் வித்தியாசத்தில +1, −2, +1 எண்டுதான் தடம் விழும், −2 விழுற இடத்துக்கு நேர மேல நிக்கிற உறுப்புத்தான் பிழை. கல்குலேற்றர் இல்லாத காலத்தில மடக்கை அட்டவணை அச்சடிச்ச ஆக்களும் பிழை தேட இப்பிடி வித்தியாசம்தான் எடுத்தவை. அந்த அட்டவணைகளைக் கூட்டலை மட்டும் வைச்சுக் கணிக்கிற ஒரு மெசின்ர திட்டத்தைத்தான் சார்ல்ஸ் பாபேஜ் 1822 இல லண்டனில முன்வைச்சவர்.

ஆனா பிழை கடைசி உறுப்பில இருந்தா இந்தத் தடம் முழுக்க விழாது. 3, 9, 18, 30, 46 எண்டா இரண்டாம் வித்தியாசம் 3, 3, 4. கடைசி எண் பிழையோ, இல்லை கோலமே இருபடி இல்லையோ எண்டு இதை வைச்சுச் சொல்ல ஏலாது. அடுத்த வரிசையையும் அடுக்கி எண்ணித்தான் பாக்க வேணும்.