மெட்டுக்கு முன் மாத்திரை: பாட்டு வரியை அளந்து பார்ப்பது எப்படி?

பாட்டு எழுதிக் கொடுத்தவருக்கும் மெட்டுப் போடுபவருக்கும் அடிக்கடி வரும் தகராறு ஒன்று உண்டு. எழுதியவர், "இரண்டு அடியும் ஒரே அளவுதானே" என்பார். மெட்டுப் போடுபவர், "இரண்டாவது அடி தாளத்தில் உட்காரவில்லை" என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரிதான். ஒருவர் அசையை எண்ணுகிறார், மற்றவர் காலத்தை எண்ணுகிறார்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு:

வானம் கறுத்து மழை வந்தது
வாசல் நனைந்து மணம் வந்தது

யாப்பிலக்கணப்படி அசை பிரித்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். வானம், வாசல் இரண்டும் நேர் நேர். கறுத்து, நனைந்து இரண்டும் நிரை நேர். மழை, மணம் இரண்டும் நிரை. ஆனாலும் இரண்டாவது அடி பாடும்போது இடறுகிறது. அசைக் கணக்கில் 'க', 'கா', 'கல்', 'கால்' நான்குமே நேரசைதான். அவை பிடிக்கும் நேரம் வேறு வேறு என்பதை நேர், நிரை என்ற பெயர்கள் சொல்வதில்லை.

அதனால் மெட்டுக்கு முன் வேறொரு அளவுகோல் வேண்டும். சந்தப் பாடல் எழுதியவர்கள் வைத்திருந்த அளவுகோல் இது. தனித்த குறிலுக்கு 1. நெடிலுக்கு 2. குறிலை அடுத்து ஒற்று வந்தால் இரண்டும் சேர்ந்து 2. நெடிலோடு ஒற்று சேர்ந்தாலும் 2தான். வடமொழி யாப்பில் லகு, குரு என்று குறிப்பதும் இதே முறைதான்.

இலக்கணம் ஒற்றுக்கு அரை மாத்திரைதானே தருகிறது, 'கல்' ஒன்றரை அல்லவா என்று தோன்றலாம். பேச்சுக்கு அது சரி. பாட்டில் நாம் அளப்பது ஓர் எழுத்தின் நீளத்தை மட்டும் அல்ல, ஓர் உயிரொலி தொடங்குவதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள இடைவெளியை. 'பது' என்பதையும் 'பத்து' என்பதையும் கையைத் தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். 'பத்து'வில் நாக்கு பல்லின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் நிற்கிறது. தாளத்துக்குள் வரும்போது அந்த நிறுத்தம் ஒரு முழு மாத்திரையாக விரிந்துவிடுகிறது. நெடிலிலோ ஒற்றுக்குத் தனி இடம் தேவைப்படுவதில்லை. நீட்டத்தின் வாலிலேயே அது அடங்கிவிடும்.

இனி வரிக்கு மேலே எண்களைப் போடலாம். முதல் அடி:

வா 2, னம் 2 | க 1, றுத் 2, து 1 | ம 1, ழை 1, வந் 2 | த 1, து 1

'ழை'க்கு ஏன் 1 என்றால், ஐகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறுகிவிடும். ஆக 4, 4, 4, 2. மொத்தம் 14. கடைசியில் 2 மாத்திரை மூச்சுக்கு விட்டால் 16. ஒரு தட்டுக்கு 4 மாத்திரை வைத்து ஆதி தாளம் போட்டால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை, அதாவது இப்படி இரண்டு அடி. வரியே தன் தாளத்தைச் சொல்லிவிட்டது.

இரண்டாவது அடியில் 'மணம் வந்' என்ற இடத்தில் 1, 2, 2 என்று 5 வந்துவிடுகிறது. முதல் அடியில் நான்காவது தட்டு 'வந்தது'வின் 'த'வில் விழுந்தது. இங்கே அது 'வந்' என்பதன் நடுவில் விழுகிறது. பாடுபவர் 'மணம்' என்பதை அவசரமாக விழுங்குவார், இல்லையென்றால் தட்டுக்குப் பிந்துவார். எண் போடாமலே இதைக் கண்டுபிடிக்க, வரியைத் 'தன'வில் சொல்லிப் பார்க்கலாம். முதல் அடி 'தானம் தனத்த தன தந்தன'. இரண்டாவதில் 'தன' இருக்க வேண்டிய இடத்தில் 'தனம்' வந்து காதில் முட்டும்.

சரி, 'மணம்' என்ற சொல்லைத் தூக்கிவிட வேண்டுமா? எனக்கு அந்தச் சொல்லை விட மனம் வராது. விடவும் தேவையில்லை, வினையை மாற்றினால் போதும்:

வாசல் நனைந்து மணம் ஏறுது

உயிரெழுத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்ததும் 'ம்' அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பாடும்போது அது 'மணமேறுது'. ம 1, ண 1, மே 2, று 1, து 1. அளவு சரியாகிவிட்டது. எண் போடும்போது தாளில் உள்ள எழுத்தைப் பார்க்காமல் வாயில் வரும் ஒலியைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இதே புணர்ச்சி காலை வாரியும் விடும். மூன்றாவது அடி இப்படி எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

காடும் சிலிர்த்து இலை ஆடுது

தனித்தனியாக எண்ணினால் 14 வரும். ஆனால் வாய் இதை 'சிலிர்த்திலையாடுது' என்று சேர்த்துவிடும். 'து'வில் உள்ள உகரம் மறைந்து ஒரு மாத்திரை போய்விடுகிறது. மூன்றாவது தட்டு 'இலை'யின் 'இ'யில் விழாமல் 'லை'யில் விழுகிறது. கேட்பவருக்கு 'இலை' என்ற சொல்லே காதில் விழாமல் போகலாம். 'இலை'யைக் 'கிளை' ஆக்கலாமே என்று முதலில் தோன்றும். அங்கே இன்னொரு வம்பு: 'சிலிர்த்துக் கிளை' என்று வல்லினம் மிகும். 'துக்' 2 ஆகி, இப்போது ஒரு மாத்திரை கூடிவிடும். உயிரிலும் தொடங்காமல், வல்லினத்திலும் தொடங்காமல், இரண்டே மாத்திரையில் ஒரு சொல் வேண்டும். 'நதி' பொருந்துகிறது. 'காடும் சிலிர்த்து நதி பாடுது.'

அளவு ஒத்துப்போனாலும் எல்லா 2ம் ஒரே மாதிரி அல்ல. மெட்டுப் போடுபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 'வா'வில் உள்ள 2 முழுக்கக் குரல். எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், கமகம் போடலாம். 'னைந்' என்பதில் உயிர் குறுகியது, ஆனால் 'ந்' மூக்கொலி என்பதால் அதில் ரீங்காரமாக நிற்க முடியும். 'றுத்' என்பதில் அதுவும் முடியாது. 'த்' வந்ததும் குரல் அடைபட்டுவிடும். ஒரு மாத்திரை ஒலி, ஒரு மாத்திரை மௌனம். ஆகவே முதல் இரண்டு அடிகளும் எண்ணில் ஒத்திருந்தாலும், 'நனைந்து'வில் அழகாக நிற்கும் ஒரு நீண்ட சுரம் 'கறுத்து'வில் அறுந்துபோகும். நான் எண்களைப் போடும்போதே வல்லின ஒற்றில் முடியும் 2க்குக் கீழே ஒரு புள்ளி வைத்துவிடுவேன்.

தனிக் குறிலை இழுத்தால் ஆபத்து இன்னும் பெரிது, சொல்லே மாறிவிடும். 'கலை' 'காலை' ஆகும். 'விடு' 'வீடு' ஆகும். தமிழில் உயிரின் நீளமே பொருளைப் பிரிக்கிறது என்பதால், மெட்டில் 1க்கு 2 கொடுப்பதை மற்ற மாற்றங்களைவிட யோசித்துத்தான் செய்ய வேண்டும். அடியின் கடைசியில் மட்டும் கொஞ்சம் தாராளம் உண்டு. அங்கே குறிலைச் சற்று நீட்டினாலும் கேட்பவர் தடுமாற மாட்டார். ஆனால் 'வந்தது'வின் கடைசி 'து' குற்றியலுகரம். அதை நீட்டினால் 'தூ' என்று காதில் உறுத்தும்.

இந்த மூன்று அடிகளுக்கும் கடைசியில் ஒரு நீண்ட சுரம் வேண்டுமென்று மெட்டுப் போடுபவர் கேட்டால், நான் 'து'வைத் 'தே' ஆக்கிக் கொடுப்பேன்:

வானம் கறுத்து மழை வந்ததே
வாசல் நனைந்து மணம் ஏறுதே
காடும் சிலிர்த்து நதி பாடுதே

14 இப்போது 15. 'தே' 14ஆம் மாத்திரையில் தொடங்கி, விட்டுவைத்த இடத்தையும் எடுத்துக்கொண்டு 16 வரை நிற்கலாம். மூச்சு வாங்கப் பாடுபவருக்கு இனி இடம் குறைவு என்பதால், அந்தச் சுரத்தைச் சற்று முன்பே விடச் சொல்ல வேண்டியிருக்கும்.