இடுப்பு அறுவைக்குப் பின்: தட்டில் குறையும் 30 கிராம் புரதம்

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவருக்கு மருத்துவமனையில் கஞ்சி, ரொட்டி, இட்லி என்று 'லேசான' உணவுதான் முதலில் வரும். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. காயத்தால் உடலில் எழும் அழற்சியும் படுத்தே கிடப்பதும் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. எலும்பை ஆணியும் தகடும் பிடித்துக்கொள்ளும். எழுந்து நிற்கத் தொடைத் தசைதான் வேண்டும்.

78 வயது, 48 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்ற கணக்கில் அவருக்கு நாளுக்கு 58 முதல் 72 கிராம் புரதம் தேவை. காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும், மதியம் சாதம், சாம்பார், தயிர், இரவு உப்புமா, நடுவில் இரண்டு காபி: எல்லாவற்றையும் மிச்சமின்றிச் சாப்பிட்டாலும் 30 கிராமைத் தாண்டுவது கடினம். முதல் வாரத்தில் பசி மந்தமாக இருப்பதால் உள்ளே போவது 20 கிராம்தான். காலையில் ஒரு முட்டை, மதியம் நீர்த்த சாம்பாருக்குப் பதில் கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் சேர்த்தால் இன்னும் 13 கிராம் கிடைக்கும். அப்போதும் பாதித் தூரம்தான்.

மிச்சத்தை நிரப்பத்தான் ஊட்டச்சத்து பானம். நாளுக்குக் குறைந்தது 400 கிலோகலோரி, 30 கிராம் புரதம் அதிலிருந்து வர வேண்டும். இது சேர்ந்தால் மொத்தம் 63 கிராம். டப்பாவின் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, ஒரு முறை கலக்கும் அளவில் எத்தனை கிராம் புரதம் என்று பின்பக்கத்தில் பாருங்கள். சில பொடிகளில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவுச்சத்தும்தான். வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. பொடியைக் குறைத்து நீர்க்கக் கரைப்பது ஒன்று. சாப்பாட்டு நேரத்திலேயே கொடுப்பது இன்னொன்று. அப்போது பானம் வயிற்றை நிரப்பிவிட, தட்டு அப்படியே திரும்பும். காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் கொடுப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை குறைந்த வகை உண்டு.

குடித்தும் பலனில்லை என்றால் முதலில் மலச்சிக்கலை விசாரியுங்கள். வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் குடலைக் கட்டிவிடும். பசி தானாகப் போய்விடும். தளர்ந்த பல்செட்டையும் பாருங்கள்.

பலன் தெரிவது எடையில்தான், ஆனால் முதல் எடை ஏமாற்றும். ஏற்றிய குளுக்கோஸ் நீரும் காலின் வீக்கமும் ஓரிரு கிலோ கூட்டிக் காட்டக்கூடும். அது வடிவதைத் தசை இழப்பென்று எண்ண வேண்டாம். வீடு திரும்பும் நாளில் ஓர் எடை, பிறகு வாரம் ஒருமுறை. ஒரே எடைக்கருவி, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, ஏறத்தாழ அதே உடுப்பு. வாக்கரில் கையை ஊன்றி நின்றால் எடை குறைவாகக் காட்டும். நாற்காலி எடைக்கருவி இருந்தால் அதுவே சரி. நிற்கவே முடியாதவருக்கு அறுவை செய்யாத காலின் கெண்டைச் சதைச் சுற்றளவை அளந்து குறித்து வரலாம்.

வீக்கம் வடிந்த பிறகும் எடை இறங்கி, மூன்று மாதத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால், அதாவது இவருக்கு 45.6 கிலோவைத் தொட்டால், உணவியல் நிபுணரிடம் திரும்பப் போக வேண்டும். எடை நிலையாக நின்று, தட்டு உணவே 60 கிராமைத் தரத் தொடங்கினால், ஒரு மாதம் கடந்த பிறகு பானத்தைக் குறைக்கலாம்.