‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதும் முன்: ஆஃபர் கடிதத்துக்கான பதில் மின்னஞ்சல்

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில், கல்லூரியிலிருந்து நேரடியாக வேலைக்கு வருபவர்களைச் சேர்க்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஆஃபர் கடிதம் கிடைத்த பட்டதாரிகளில் பெரும்பாலோர் அனுப்பும் பதில் இரண்டு வரிகளில் முடிந்துவிடும்: வாய்ப்புக்கு நன்றி, மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று தாம் புரிந்துகொண்டார்கள், எந்த நாளில் வருவார்கள், எந்தச் சான்றிதழ்களைக் கொண்டுவருவார்கள் என்ற மூன்றும் அதில் இருப்பதில்லை. அவை இல்லாததால் வரும் சங்கடம் அன்றே தெரிவதில்லை. முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும் நாளில்தான் தெரிய வருகிறது.

2025 மே மாதம் எங்களிடமிருந்து ஆஃபர் கடிதம் பெற்ற, திண்டுக்கல் பக்கத்து ஊரைச் சேர்ந்த மின்னணுவியல் பட்டதாரி ஒருவர் அந்த மூன்றையும் எழுதியிருந்தார். “ஆண்டுக்கு 4,20,000 ரூபாய், அதாவது மாதம் 35,000 ரூபாய் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறேன்” என்பது அவருடைய முதல் வரி. அப்படி அவர் எழுதியது நல்லதாயிற்று. எழுதாமல் விட்டிருந்தால் அவர் எதை நம்பி வீடு பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது. தொலைபேசியில் அழைத்தபோது, “பன்னிரண்டால வகுத்துப் பார்த்தேன் சார், அது தப்பா?” என்று கேட்டார்.

வகுத்தது தவறில்லை, வகுபட்ட தொகை சம்பளம் அல்ல என்பதுதான் சிக்கல். கடிதத்தில் இருக்கும் சி.டி.சி. என்பது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் ஒதுக்கும் மொத்தச் செலவு. அவருடைய கடிதத்தின் பின்னிணைப்பில் இருந்த அட்டவணையை அவர் திறக்கவே இல்லை. அதன்படி அடிப்படைச் சம்பளம் மாதம் 17,500, வீட்டு வாடகைப் படி 7,000, சிறப்புப் படி 4,350 ரூபாய். இந்த மூன்றும் சேர்ந்த 28,850 ரூபாய்தான் மாத மொத்தச் சம்பளம். 4,20,000-இல் மீதி இருந்தது வேறு நான்கு இனங்கள். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு மாதம் 1,800 வீதம் ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு சுமார் 10,100. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 6,100. ஆண்டு முடிவில் செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் வேரியபிள் தொகை 36,000.

இந்த நான்கில் எதுவும் மாதாமாதம் கைக்கு வராது. பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றிய பிறகே கிடைக்கும். வேரியபிள் தொகை முழுதாக வரும் என்ற உறுதியும் இல்லை. அதற்கு மேல், பணியாளரின் பங்காகவும் 1,800 ரூபாய் பி.எஃப். பிடிக்கப்படும். நிறுவனத்தின் பங்கும் பணியாளரின் பங்கும் ஒரே அளவில் இருப்பதால், இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கணக்கில் ஒரு முறை மட்டும் கழிப்பவர்கள் பலர். சென்னை மாநகராட்சிக்கான தொழில் வரி இந்தச் சம்பள நிலையில் அரையாண்டுக்கு 1,250 ரூபாய், மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 208. இவை போக அவர் கைக்கு வரக்கூடியது ஏறத்தாழ 26,840 ரூபாய். அவர் எதிர்பார்த்ததைவிட மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் குறைவு. சென்னையில் தனியாக வாழத் தொடங்கும் ஒருவருக்கு அது ஒரு விடுதி வாடகை.

சட்டத்திலும் இதற்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 7, ஓர் ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கடிதத்தில் இல்லாத ஒரு தொகையையோ தேதியையோ எழுதி “ஏற்றுக்கொள்கிறேன்” என்றால், அது ஏற்பாகாமல் புதிய முன்மொழிவாகவே கருதப்பட இடமுண்டு. அதே சட்டத்தின் பிரிவு 6-இன்படி, ஏற்பதற்கென்று குறிக்கப்பட்ட காலம் கடந்தால் முன்மொழிவு தானாகவே காலாவதியாகிறது. பதில் தர ஐந்து வேலைநாள் என்று கடிதத்தில் இருந்தால், சந்தேகங்களைக் கேட்பதற்கும் அந்த ஐந்து நாள்தான் இருக்கிறது.

எனவே நான் எல்லோரிடமும் சொல்வது, கேள்விக்கு ஒரு மின்னஞ்சல், ஏற்புக்கு இன்னொரு மின்னஞ்சல் என்பதுதான். சம்பள அட்டவணையில் புரியாதது, சேரும் தேதியில் உள்ள சிக்கல், பயிற்சிக் கால ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் தொகை ஆகியவற்றை முதல் இரண்டு நாளில் தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு, கடிதத்தில் உள்ள எண்களை மாற்றாமல் எடுத்தெழுதி ஏற்பை அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொல்லப்பட்ட விளக்கத்தை, “இன்று தாங்கள் கூறியபடி” என்று தொடங்கி அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டால் அதுவும் பதிவாகிவிடும்.

சேரும் தேதியை 07/07 என்றோ 06/07 என்றோ எழுதாமல் மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதுவது நல்லது. அந்தப் பட்டதாரி சேர வேண்டிய நாள் 2025 ஜூலை 7, திங்கட்கிழமை. மாதத்தின் நடுவில் சேர்வதால் முதல் மாதச் சம்பளம் 25 நாளுக்குத்தான் கணக்கிடப்படும். 28,850-ஐ 31 நாளுக்கு வகுத்து 25-ஆல் பெருக்கினால் பிடித்தங்களுக்கு முன் 23,266 ரூபாய். பல நிறுவனங்களில் மாதத்தின் இருபதாம் தேதியையொட்டிச் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதன் பிறகு சேர்பவருக்கு முதல் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்தே வரும். விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டியவர்கள் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணங்களில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படங்கள் என்ற பட்டியல் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் தனித்த சிக்கல், பெயரும் தலைப்பெழுத்தும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின் ஒற்றை எழுத்து இருக்கும். ஆதாரில் அதே எழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும். பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை மட்டும் எழுத முடியாது என்பதால் அங்கே தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். வங்கிக் கணக்கில் நான்காவதாக ஒரு வடிவம் இருப்பதும் உண்டு.

பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஆதார் விவரங்களை வைத்தே உருவாக்கப்படுகிறது. அதில் உள்ள பெயரோ பிறந்த தேதியோ மற்ற ஆவணங்களோடு பொருந்தாவிட்டால், சேரும்போது கண்டுகொள்ளப்படாமல் போனாலும், பல ஆண்டுகள் கழித்துப் பணத்தை எடுக்கும்போதோ வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போதோ விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நான்கு ஆவணங்களையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். வேறுபாடு இருந்தால் அதை ஏற்பு மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். தலைப்பெழுத்து வேறுபாட்டுக்கு, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. பிறந்த தேதி வேறுபட்டால் சேருவதற்கு முன்பே திருத்தத்துக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

அசல் சான்றிதழ்களைக் ‘கொண்டுவர வேண்டும்’ என்பதும் ‘ஒப்படைக்க வேண்டும்’ என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான நிறுவனங்கள் அசலைப் பார்த்து, நகலை வாங்கிக்கொண்டு, அசலை அன்றே திருப்பித் தருகின்றன. கடிதத்தில் எது சொல்லப்பட்டிருக்கிறது என்று தெளிவில்லை என்றால், நீங்கள் புரிந்துகொண்டதை எழுதிவிடுங்கள். அசலை வைத்துக்கொள்வோம் என்று பதில் வந்தால், எந்தக் காலம் வரை, எந்த ஒப்புகைச் சீட்டுடன் என்பதைச் சேரும் முன் கேளுங்கள்; சேர்ந்த பிறகு கேட்பது கடினம்.

அந்தப் பட்டதாரி திருத்தி அனுப்பிய மின்னஞ்சலின் சாரத்தை, அடையாளங்களை நீக்கித் தருகிறேன். அவர் ஆங்கிலத்தில் எழுதினார், பொருள் இதுதான்.

“மதிப்பிற்குரிய ஐயா, 2025 மே 19-ஆம் தேதியிட்ட தங்கள் ஆஃபர் கடிதத்தில் உள்ள பயிற்சிப் பொறியாளர் பணியை ஏற்றுக்கொள்கிறேன். கடிதத்தின் பின்னிணைப்பின்படி ஆண்டுச் சி.டி.சி. 4,20,000 ரூபாய் என்றும், அதில் மாத மொத்தச் சம்பளம் 28,850 ரூபாய் என்றும், 36,000 ரூபாய் ஆண்டு இறுதி வேரியபிள் தொகை என்றும் அறிந்துகொண்டேன். 2025 ஜூலை 7, திங்கட்கிழமை காலை 9.30 மணிக்குச் சென்னை அலுவலகத்தில் பணியில் சேர்வேன். கடிதத்தில் பட்டியலிட்டுள்ள ஆவணங்களின் அசலைச் சரிபார்ப்புக்குக் காட்டி, சுயசான்றொப்பமிட்ட நகல்களை அளிப்பேன். என் பான் அட்டையில் தந்தையின் பெயர் விரிவாகவும், ஆதாரில் தலைப்பெழுத்தாகவும் உள்ளது. அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் கொண்டுவருவேன். தனியாக ஒரு வேண்டுகோள்: தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கல்லூரிக்கு வர ஜூலை இறுதி ஆகலாம் என்று தெரிகிறது. அதை ஜூலை 31-க்குள் அளிக்க அனுமதிக்க வேண்டுகிறேன். கையொப்பமிட்ட ஆஃபர் கடிதத்தை இணைத்துள்ளேன். இந்த மின்னஞ்சல் கிடைத்ததை உறுதிப்படுத்த வேண்டுகிறேன்.”

சான்றிதழ் பற்றிய வரியை அவர் வேண்டுகோளாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். “ஜூலை 31 வரை அனுமதித்தால் சேர்கிறேன்” என்று எழுதியிருந்தால் ஏற்பே நிபந்தனைக்கு உட்பட்டதாகிவிடும். அனுமதி கிடைக்காவிட்டால் சேரவே முடியாது என்ற நிலையில் இருப்பவர், அதை ஏற்பில் எழுதாமல் முதல் மின்னஞ்சலில் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். அரியர் தாள் பாக்கி உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி என்பது பல ஆஃபர் கடிதங்களில் நிபந்தனையாகவே இருக்கிறது.

அனுப்பும் முறையிலும் ஒரு கவனம் தேவை. ஆஃபர் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, அதில் இருந்த எல்லோருக்கும் போகும்படி அனுப்புங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்புப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் மின்னஞ்சலையும் அனுப்புங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பியிருந்தால், ஒரு பிரதியை உங்கள் சொந்த முகவரிக்கும் சேர்த்து அனுப்புங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரிக் கணக்கு மூடப்பட்டு, கடிதமும் பதிலும் ஒன்றாகப் போய்விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலைநாளில் ஒப்புகை வராவிட்டால் அதே தொடரில் மறுபடி கேளுங்கள்.

அவருக்கு நான் அன்று மாலையே ஒப்புகை அனுப்பி, சான்றிதழுக்கு ஜூலை 31 வரை அவகாசத்தையும் எழுத்தில் கொடுத்தேன். ஜூலை 7 காலை அவர் வந்தபோது, அந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதி கோப்பின் முதல் தாளாக இருந்தது. சரிபார்ப்பு மேசையில் பான் பெயரைப் பற்றி யாரும் கேட்கும் முன்பே உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்து வைத்தார். இருபது நிமிடத்தில் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் அவர் கைக்குத் திரும்பிவிட்டன.