சம்பளம் தள்ளிப்போவதற்கு முன்பே கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

2018 ஆகஸ்ட் 9 அன்று விமான நிறுவனமான ஜெட் ஏர்வேஸ் தன் ஏப்ரல்–ஜூன் காலாண்டு முடிவை வெளியிட வேண்டும். அன்றைக்கே மும்பையில் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் நடந்தது. முடிவு வரவில்லை. சில விஷயங்கள் இன்னும் முடியவில்லை, அதனால் தணிக்கைக் குழு கணக்கைப் பரிந்துரைக்கவில்லை என்று மட்டும் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு போனது. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவைத் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அந்தக் கெடுவும் தாண்டி, ஆகஸ்ட் 27-ல்தான் கணக்கு வெளியே வந்தது. நஷ்டம் 1,323 கோடி ரூபாய். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற சந்தேகத்தைத் தணிக்கையாளர்களும் அதில் பதிவு செய்திருந்தார்கள்.

சரியாக எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம் பறந்தது.

இதை 'திடீர் வீழ்ச்சி' என்று அப்போது பலரும் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. 2015-16, 2016-17 இரண்டு ஆண்டுகளிலும் ஜெட் ஆயிரம் கோடிக்கு மேல் லாபம் காட்டியது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டறிக்கைகளில் லாப வரியை விட்டுவிட்டு நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தால் நிகர மதிப்பு மைனஸில் இருந்தது. அதாவது சொத்து எல்லாவற்றையும் விற்றாலும் கடனும் பாக்கியும் அடையாது. 2016 ஜனவரியில் கச்சா எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே இறங்கியது, அது கொடுத்த லாபம் அது. 2018 அக்டோபரில் எண்ணெய் 85 டாலரைத் தாண்டி, டாலரும் 74 ரூபாயைத் தொட்டபோது, தாங்கிக்கொள்ள அடியில் எதுவும் இல்லை.

ஆகவே ஒரு நிறுவனத்தின் ஆண்டு முடிவைக் கையில் எடுத்தால் நிகர லாபத்தில் தொடங்க வேண்டாம். பணப்புழக்க அறிக்கையில் தொடங்குங்கள். அதில் 'செயல்பாடுகளிலிருந்து வந்த பணம்' என்று முதல் பகுதி இருக்கும். தொழில் நடத்தி உண்மையிலேயே வங்கிக் கணக்குக்கு வந்த தொகை அதுதான். லாபம் 100 கோடி, வந்த பணம் 20 கோடி என்று ஓர் ஆண்டு இருந்தால் பரவாயில்லை, வேகமாக வளரும் கம்பெனியில் அப்படி நடக்கும். மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து அப்படியே இருந்தால், விற்ற சரக்குக்குக் காசு வரவில்லை அல்லது விற்பனையே காகிதத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. பணம் நன்றாக வந்திருப்பதுபோல் தெரியும். தோண்டிப் பார்த்தால், சரக்கு கொடுத்தவர்களுக்கு நிறுவனம் காசு தராமல் வைத்திருக்கும். தராத காசும் அந்தக் கணக்கில் 'வந்த பணம்' போலத்தான் கூடும். விமான நிறுவனத்தில் இது இன்னும் ஏமாற்றும். டிக்கெட் இன்றைக்கு விற்கிறது, விமானம் இரண்டு மாதம் கழித்துப் பறக்கிறது. பயணிகளின் முன்பணம்தான் கையிருப்பாகத் தெரிகிறது. அப்புறம் சொத்து விற்ற பணம். ஜெட் 2013-ல் லண்டன் ஹீத்ரோவில் தனக்கிருந்த தரையிறங்கும் நேர உரிமைகளை அபுதாபியின் எதிகாட் விமான நிறுவனத்துக்கு 7 கோடி டாலருக்கு விற்றது. மறு ஆண்டே, அடிக்கடி பயணிப்பவர்களுக்கான ஜெட் பிரிவிலேஜ் திட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அதே எதிகாட்டுக்கு 15 கோடி டாலருக்குக் கொடுத்தது. இவை ஒருமுறை வரும் வருமானம். 'இதர வருமானம்', 'விதிவிலக்கான இனங்கள்' என்ற வரிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் தொழில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியும்.

சரி, கடன். 'கடன் எவ்வளவு?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது திருப்ப வேண்டும் என்பதுதான் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் மொத்தக் கடன் 2,000 கோடி. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 240 கோடி, ஆண்டு வட்டி 200 கோடி. லாபத்தை வட்டியால் வகுத்தால் 1.2 வருகிறது. வட்டி கட்டிய பிறகு மிஞ்சுவது 40 கோடிதான். சொத்தையும் கடனையும் பட்டியலிடும் ஐந்தொகையில் 'நடப்புப் பொறுப்புகள்' என்ற தலைப்பின் கீழ், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடன் 700 கோடி என்று இருக்கிறது. கையில் ரொக்கம் 90 கோடி. இந்த நிறுவனம் தன் சம்பாத்தியத்தில் அந்த 700 கோடியைக் கட்ட வழியே இல்லை. புதுக்கடன் வாங்க வேண்டும், சொத்தை விற்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது தராமல் நிறுத்த வேண்டும். லாபம் காட்டுகிற நிறுவனம்தான் இதுவும்.

ஜெட்டுக்கு 8,000 கோடிக்கு மேல் கடன் இருந்தது. அதில் 2018 டிசம்பர் முதல் 2019 மார்ச் வரையிலான நான்கு மாதத்தில் மட்டும் சுமார் 1,700 கோடி கட்ட வேண்டியிருந்ததாகத் தரமதிப்பீட்டு நிறுவனமான இக்ரா கணக்கிட்டது. இந்த 8,000 கோடியும் முழுக் கதை இல்லை. பெரும்பாலான விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. அந்த வாடகை ஒப்பந்தங்களை ஐந்தொகையில் கடன்போலக் காட்ட வேண்டும் என்ற கணக்கு விதி 2019 ஏப்ரலில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளில் அது பின்னிணைப்புக் குறிப்புகளில் ஒளிந்திருக்கும். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இனிச் சம்பளம். மாதக் கடைசியில் கை இறுகும் வீட்டில் முதலில் மளிகைக்கடை அண்ணாச்சியிடம்தான் தவணை சொல்வார்கள், வங்கி இ.எம்.ஐ.யைக் கடைசிவரை கட்டுவார்கள். நிறுவனமும் ஏறக்குறைய அப்படித்தான். சரக்கு கொடுத்தவர்கள், வாடகை, பிடித்தம் செய்த பி.எஃப். மற்றும் வரி, சம்பளம், கடைசியில் வங்கி என்று வரிசை போகும். ஏன் இந்த வரிசை? வங்கிக்கு ஒரு நாள் தவறினாலும் தரமதிப்பீடு சரியும், மற்ற வங்கிகளும் கதவை மூடும். ஊழியரோ அடுத்த மாதமும் வேலைக்கு வருவார். ஆகவே சம்பளம் தள்ளிப்போவது, வங்கித் தவணை தவறுவதற்குச் சில மாதம் முன்பே கிடைக்கும் தகவல்.

ஜெட்டில் இது அப்படியே நடந்தது. 2018 செப்டம்பரில் விமானிகள், பொறியாளர்கள், மூத்த நிர்வாகிகளின் ஆகஸ்ட் சம்பளத்தை இரண்டு தவணையாகத் தருவதாகச் சொன்னார்கள். குறைந்த சம்பளக்காரர்களை முதலில் தொடவில்லை. இதைக் கவனியுங்கள், கீழ்நிலை ஊழியருக்குச் சம்பளம் சரியாக வருகிறது என்பதால் கம்பெனி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. டிசம்பர் 31 அன்று ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிக் கூட்டத்துக்குக் கட்ட வேண்டிய தவணை தவறியது. உடனே இக்ரா மதிப்பீட்டை, தவணை தவறியதைக் குறிக்கும் 'டி'-க்கு இறக்கியது. முதல் சம்பளத் தாமதத்துக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மாதம்.

வெளியில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? ஆண்டறிக்கையில் 'இதர நிதிப் பொறுப்புகள்' என்ற குறிப்பைத் தேடுங்கள். அதில் ஊழியர்களுக்குத் தர வேண்டிய பாக்கி தனி வரியாக இருக்கும். லாப நஷ்டக் கணக்கில் ஆண்டு ஊழியர் செலவு 360 கோடி என்றால் மாதத்துக்கு 30 கோடி. மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் தரும் நிறுவனத்துக்கு, மார்ச் 31 அன்று பாக்கி 30 கோடியை ஒட்டி இருப்பது இயல்பு. அதுவே 75 கோடி என்றால் இரண்டரை மாதம். போன ஆண்டு 30, இந்த ஆண்டு 75 என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டும். போனஸ், ஊக்கத்தொகை ஆண்டுக் கடைசியில் சேர்ந்து நிற்பதும் உண்டு, அதனால் ஒரே ஆண்டின் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மார்ச் 31-க்காகவே சம்பளத்தைத் தந்து கணக்கை அழகுபடுத்துவோரும் இருக்கிறார்கள். பட்டியலிட்ட நிறுவனங்கள் செப்டம்பர் 30 நிலவரத்துக்கும் ஐந்தொகை வெளியிட வேண்டும், அதையும் எடுத்துப் பாருங்கள். அரையாண்டு அறிக்கையில் இவ்வளவு விவரம் இருக்காது, ஆனால் மொத்தப் பொறுப்பு குதித்திருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு இடம், என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் நேர்மையானது. தணிக்கையாளர் அறிக்கையின் பின்னால் 'கேரோ' என்ற இணைப்பு இருக்கும், அதன் ஏழாவது பிரிவு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வருமான வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் ஒழுங்காகக் கட்டப்பட்டதா, ஆறு மாதத்துக்கு மேல் எது பாக்கி என்று தணிக்கையாளர் அங்கே எழுதியே ஆக வேண்டும். 'சில சமயங்களில் சிறு தாமதங்கள்' என்ற வாசகம் ஒரு ஆண்டு வந்து, அடுத்த ஆண்டு 'பல சமயங்களில் கணிசமான தாமதங்கள்' என்று மாறியிருந்தால், அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு நிறுவனம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதே இணைப்பின் ஒன்பதாவது பிரிவில் கடன் தவணை தவறிய விவரம் வரும்.

ஆண்டறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்துக்குப் போகலாம். அங்கே Establishment Search என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை ஊழியருக்கு என்று வரிசையாக வரும். ஒரு மாதப் பி.எஃப். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வர வேண்டும். தேதிகள் 14, 15 என்று இருந்தது 28, அடுத்த மாதம் 9 என்று நகர்ந்தால், அல்லது ஊழியர் எண்ணிக்கை மாதா மாதம் கரைந்தால், செய்தித்தாளுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். இதற்கும் வரம்பு உண்டு. சொந்த அறக்கட்டளை மூலம் பி.எஃப். நடத்தும் பெரிய நிறுவனங்களின் முழுப் படம் இங்கே கிடைக்காது, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேறு பெயரில் இருப்பார்கள். அரசு ஒப்பந்த வேலை செய்யும் கட்டுமான நிறுவனங்களில், அரசிடமிருந்து பில் தொகை வராமல் இரண்டு மாதம் தடுமாறிப் பிறகு சரியாவதும் சகஜம். அங்கே வரவேண்டிய பாக்கி எவ்வளவு நாள் பழையது என்ற அட்டவணையைச் சேர்த்துப் படித்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஜெட் விஷயம் 2019 ஜூனில் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2024 நவம்பர் 7 அன்று நிறுவனத்தைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அதன் பங்கு சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது, புதிய முதலாளி வருவார் என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவோ, கலைக்கும்போது தொழிலாளரின் 24 மாத பாக்கியை ஈடுபெற்ற வங்கிகளுக்குச் சமமாக வைக்கிறது, மற்ற ஊழியரின் 12 மாத பாக்கியை அதற்கு அடுத்து வைக்கிறது, பங்குதாரரைக் கடைசியில் நிறுத்துகிறது. பி.எஃப்., பணிக்கொடை இரண்டும் இந்த வரிசைக்கே வெளியே. ஜெட் ஊழியருக்கு அவற்றை முழுதாகத் தர வேண்டும் என்று 2022-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.