டிஸ்ட்ராக்டர்: மயங்குவிடை

நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவில், சரியான விடை போக மீதியிருக்கும் மூன்றையும் ஆங்கிலத்தில் டிஸ்ட்ராக்டர் என்கிறார்கள். மூலம் லத்தீன். ‘டிஸ்’ என்றால் விலக, ‘டிராஹெரே’ என்றால் இழு. நிலத்தில் கலப்பையை இழுக்கும் டிராக்டருக்கும் இதுதான் வேர். ஆக, பக்கவாட்டில் இழுத்துப் போவது என்று பொருள்.

இதை அப்படியே ‘கவனச்சிதறி’ என்று தமிழாக்கினால் பொருள் தவறிவிடும். தேர்வு எழுதும் பிள்ளையின் கவனத்தைக் கலைப்பது இந்த விடையின் வேலை இல்லை. பாடம் சரியாகப் புரியாதவருக்கு இதுதான் விடை என்று தோன்ற வேண்டும். புரிந்தவருக்குத் தவறு என்று தெரிய வேண்டும். இதற்குப் பொருத்தமான வேர்ச்சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ல, ள, ழ போல ஒன்றை மற்றொன்றாக நினைக்க வைக்கும் ஒலிகளை மயங்கொலி என்கிறோம். மயங்குதல் என்றால் ஒன்றை இன்னொன்றாகக் கொள்வது. அந்த வழியில் ‘மயங்குவிடை’ என்பதே என் தேர்வு. ‘தவறான விடை’ என்று மட்டும் சொன்னால் போதாது. தவறு எல்லாம் மயக்காது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 1/4 + 1/3 எவ்வளவு? விடை 7/12. இதனோடு 50, 0, 9/2 என்று மூன்றைச் சேர்த்தால் அவை தவறானவைதான், ஆனால் கணக்கே போடாமல் மூன்றையும் தள்ளிவிடலாம். இரண்டு சிறு பின்னங்களைக் கூட்டினால் 50 வராது, 0-வும் வராது என்பது யாருக்கும் தெரியும்.

அப்படியானால் மயங்குவிடை எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் நோட்டிலிருந்து. இதே கணக்கை விடைகள் கொடுக்காமல் வகுப்பில் போடச் சொல்லி, வந்த தவறுகளைப் பார்த்தால் போதும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுபவருக்கு 2/7 வரும். பகுதியை 12 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்தவருக்கு 2/12 வரும். கூட்டலுக்குப் பதில் பெருக்கியவருக்கு 1/12. மூன்று தவறுகள், மூன்று மயங்குவிடைகள். எதைத் தேர்ந்தார் என்று பார்த்தாலே அந்தப் பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும். நானாக யோசித்து எழுதுபவை பெரும்பாலும் இந்த அளவுக்கு வேலை செய்வதில்லை.

குருட்டாம்போக்கில் குறிப்பதைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வினாவைப் படிக்காமலே குறிப்பவருக்கு மயங்குவிடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 40 வினாக்களுக்குச் சராசரியாக 10 கிடைக்கும். அதை மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு வினாவிலும் இரண்டு விடைகள் அபத்தமாக இருந்தால், பாடம் தெரியாதவருக்கும் அந்த 10 என்பது 20 ஆகிவிடும். மயங்குவிடை தடுப்பது இந்த ஏற்றத்தைத்தான்.

தவறுக்கு மதிப்பெண் குறைப்பதும் இதை ஈடுகட்டாது. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிகிறது. நான்கு விடைகளும் ஒரே அளவு நம்பும்படி இருந்தால், ஊகத்தின் சராசரி லாபம் சரியாகப் பூஜ்ஜியம். இரண்டைத் தள்ள முடிந்தால், கழித்தது போகவும் ஒரு வினாவுக்கு அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு சராசரியாகக் கையில் நிற்கும்.

சரி, எழுதியது வேலை செய்ததா என்று எப்படிப் பார்ப்பது? தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண் வரிசைப்படி விடைத்தாள்களை அடுக்கி, மேலே இருந்து 27 விழுக்காடு, கீழே இருந்து 27 விழுக்காடு எடுப்பார்கள். 40 பேர் வகுப்பென்றால் இரு பக்கமும் 11 பேர். 2/7-ஐ மேல் குழுவில் ஒருவரும் கீழ்க் குழுவில் ஐந்து பேரும் குறித்திருந்தால் அது நல்ல மயங்குவிடை. 1/12-ஐ வகுப்பில் யாருமே குறிக்கவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம். நான்கு இருந்தே ஆக வேண்டும் என்று செத்த விடையைச் சுமப்பதைவிட, மூன்று உயிருள்ள விடைகள் மேல்.

கவலைப்பட வேண்டியது இன்னொரு நிலை. ஒரு தவறான விடையை மேல் குழுவினர் கீழ்க் குழுவினரைவிட அதிகமாகக் குறித்திருந்தால், அது பெரும்பாலும் பிள்ளைகளின் பிழை இல்லை. ஒன்று, விடைக்குறிப்பு தப்பாக இருக்கும். இல்லையென்றால் அந்த விடையும் ஒரு கோணத்தில் சரியாக இருக்கும். மயக்க வேண்டும் என்ற ஆசையில் பாதி உண்மையான விடையை எழுதினால் இப்படித்தான் ஆகும். அந்த வினாவை அடுத்த தேர்வுக்கு எடுப்பதற்கு முன், மேல் குழுவில் அதைக் குறித்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.