மார்ச் 12 எப்படி டிசம்பர் 3 ஆச்சு? எக்செல்லும் எங்கட திகதிகளும்

பழைய சோனகத் தெருவில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு பார்க்கிற தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டிருந்தா. கடை பில் சொஃப்ட்வெயார்ல இருந்து 2024 ஜனவரி தொடக்கம் ஜூன் வரைக்குமான பில் எல்லாத்தையும் CSV பைலா எடுத்து எக்செல்ல திறந்து திகதிப்படி சோர்ட் பண்ணினாவாம், ஜூன் மாசம் எடுத்த பைல்ல டிசம்பர் பில் வருது, பாதித் திகதி கடைசியில போய்க் குவிஞ்சு நிக்குது, ஏன் அண்ணா இப்படி எண்டு.

முதல்ல அடிப்படையைச் சுருக்கமா சொல்லிடுறன். எக்செல்லுக்குத் திகதி எண்டா ஒரு நம்பர், அவ்வளவுதான். 1900 ஜனவரி 1ஐ 1 எண்டு வச்சு ஒவ்வொரு நாளா எண்ணிக்கொண்டு வருது, அப்படி வந்தா 2024 ஜனவரி 1 வந்து 45292. நாங்கள் பார்க்கிற நாள், மாசம், வருசம் எல்லாம் அந்த நம்பருக்குப் போட்ட சட்டை மாதிரி. நம்பரா இருந்தா சோர்ட் சரியா வரும். ஆனா டெக்ஸ்ட்டா இருந்தா இடப்பக்கத்தில இருந்து ஒவ்வொரு எழுத்தாத்தான் ஒப்பிடும், அதால 02/12/2024 எண்டது 03/04/2024க்கு முன்னுக்கு வந்து நிக்கும், டிசம்பர் ஏப்ரலுக்கு முதல் வந்த மாதிரி.

இனித்தான் எனக்கு மிச்சம் பிடிச்ச இடம். அந்தத் தங்கச்சி பைலை டபுள் கிளிக் பண்ணித் திறந்திருக்கிறா, அவவின்ட கம்பியூட்டர்ல Region செட்டிங் English (United States) எண்டு கிடக்கு. புதுசா விண்டோஸ் போட்ட கம்பியூட்டர் கனக்க இப்படித்தான், ஒருத்தரும் மாத்திறதில்ல. அமெரிக்க வழக்கத்தில மாசம் முன்னுக்கு, நாள் பிறகு. நாங்கள் எழுதுறது நாள் முன்னுக்கு. இப்ப பில்ல 12/03/2024 எண்டு இருக்கு, அது மார்ச் 12. எக்செல் அதை 12ஆம் மாசம் 3ஆம் நாள் எண்டு வாசிச்சு, 45363 ஆக வேண்டியதை 45629 எண்டு உள்ளுக்கு எழுதி வைக்குது. ஒரேயடியா 266 நாள் தள்ளிப் போச்சு. அடுத்த நாள் பில் 13/03/2024. 13ஆம் மாசம் எண்டு ஒண்டு இல்லையே, அதால அதைத் தொடாம டெக்ஸ்ட்டாவே விட்டிடுது. ஏறு வரிசையில சோர்ட் பண்ணினா எக்செல் நம்பரை முன்னுக்கும் டெக்ஸ்ட்டைப் பின்னுக்கும் வைக்கும், அவ கண்ட குவியல் அதுதான்.

இதை நாள்கணக்கில போட்டுப் பாருங்கோ, வடிவா வரும். ஒரு மாசத்தில 12ஆம் திகதி வரைக்கும் உள்ள நாள் மட்டும்தான் மாறி வாசிக்கப்படலாம். ஆறு மாசத்துக்கு 72 நாள். அதில ஜனவரி 1, பெப்ரவரி 2, மார்ச் 3 மாதிரி ஆறு நாள் மாத்தினாலும் அதேதான், தப்பிடும். மிச்சம் 66 நாள் பிழையான திகதியா மாறிடும். 182 நாள்ல மீதி 110 நாள் டெக்ஸ்ட்டா நிக்கும். இதில ஆபத்து அந்த 110 இல்ல, அது கண்ணுக்குத் தெரியும். ஆபத்து அந்த 66. ஏனெண்டா திரையில அது 12/3/2024 எண்டுதான் தெரியும், நாங்கள் எழுதின மாதிரியே இருக்கு, 3க்கு முன்னால இருந்த சைபர் மட்டும் காணாமப் போயிருக்கும். அந்தச் சைபரைக் கவனிக்கிறவர் எத்தினை பேர்? இன்னொரு அடையாளமும் இருக்கு, நிரலை அகலமாக்கிப் பாருங்கோ, நம்பரா மாறினது வலப்பக்கம் ஒட்டி நிக்கும், டெக்ஸ்ட் இடப்பக்கம்.

இது கடைக் கணக்கில மட்டும் நடக்கிற விசயம் இல்ல. SEPT2, MARCH1 எண்டு பேர் இருந்த மனித ஜீன்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 எண்டு மாத்தி ஆராய்ச்சித் தரவையே குழப்பினது, கடைசியில 2020ல ஜீனுக்குப் பேர் வைக்கிற குழு SEPTIN2, MARCHF1 எண்டு பேரையே மாத்த வேண்டி வந்திட்டுது. என்ட அபிப்பிராயம், மெஷின் வாங்கக் காசு ஒதுக்குற எந்தத் திட்டமும் தரவைத் துப்பரவாக்கிற ஆளுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேணும், அந்த வேலையை ஒருத்தரும் வேலையா மதிக்கிறதில்ல எண்டது எனக்குப் பெரிய கவலை.

சரி, திருத்துறது எப்படி? மாறிப்போன பைலை நோண்ட வேண்டாம், முதல் பைலுக்கே திரும்பிப் போங்கோ. எக்செல்ல Data > From Text/CSV போய், Data Type Detection எண்ட இடத்தில Do not detect data types எண்டதை எடுத்தா எல்லாம் டெக்ஸ்ட்டாவே வரும், ஒண்டும் மாறாது. அதுக்குப் பிறகு கண்ணால பார்க்க வேணும், எத்தினை வடிவம் இருக்கு எண்டு. அவவின்ட பைல்ல மூண்டு இருந்தது, பழைய சொஃப்ட்வெயார் எழுதின 12/03/2024, அப்டேட்டுக்குப் பிறகு வந்த 2024-05-20, கையால அடிச்ச 5 Apr 2024.

சாய்கோடு போட்ட வடிவத்தில நாள் முன்னுக்கா மாசம் முன்னுக்கா எண்டதை ஊகிக்க வேண்டாம், பைலே சொல்லும். முதல் ரெண்டு எழுத்தில 13, 25, 30 எண்டு வருது, நடுவில 12க்கு மேல ஒண்டுமே இல்ல, அப்ப நாள்தான் முன்னுக்கு. ரெண்டு இடத்திலயும் 12க்கு மேல வந்தா ரெண்டு பழக்கம் கலந்திருக்கு, அந்த நிரலை வச்சு மட்டும் பிரிக்க ஏலாது.

திகதி A நிரல்ல A2ல இருந்து இருக்கெண்டா B2ல இதைப் போட்டுக் கீழ வரைக்கும் இழுங்கோ:

```
=IF(MID(A2,5,1)="-",
 DATE(LEFT(A2,4),MID(A2,6,2),RIGHT(A2,2)),
 IF(MID(A2,3,1)="/",
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)),
 "?"))
```

ஐந்தாவது எழுத்து கோடு எண்டா வருசம் முன்னுக்கு, மூண்டாவது எழுத்து சாய்கோடு எண்டா நாள் முன்னுக்கு, ரெண்டும் இல்லாட்டி கேள்விக்குறி. கேள்விக்குறி வந்ததை மட்டும் ஃபில்டர் பண்ணி எடுத்து, மாசம் எழுத்தில இருக்கிறதுக்கு DATEVALUE போடலாம், Apr எண்டு எழுதியிருந்தா குழப்பம் வராது. ஒரு விசயம் கவனம், DATE எண்டது பிழை சொல்லாது, 13ஆம் மாசம் எண்டு குடுத்தா பேசாம அடுத்த வருசம் ஜனவரிக்குத் தாண்டிடும். அதால MIN, MAX போட்டு முதல் நாளும் கடைசி நாளும் ஜனவரி ஜூனுக்குள்ள நிக்குதா எண்டு பாருங்கோ. B நிரலுக்கு yyyy-mm-dd எண்டு ஃபோர்மட் குடுங்கோ. எங்கட அரச கடிதங்கள்ல 2024.04.13 எண்டு போடுறது எவ்வளவு நல்ல பழக்கம் தெரியுமா, பெரியது முன்னுக்கு, சைபரோட, அதால டெக்ஸ்ட்டா இருந்தாலே ஒழுங்கா சோர்ட் ஆகும்.

கடைசியா ஒரு சாட்சி வேணும், அதுக்குப் பில் நம்பர் இருக்கு. பில் நம்பர்படி சோர்ட் பண்ணி, பக்கத்து நிரல்ல 3ஆம் வரியில இருந்து `=B3<B2` போட்டா நம்பர் கூடேக்க திகதி பின்னுக்குப் போற இடமெல்லாம் TRUE எண்டு வரும். அவவுக்கு மூண்டு இடம் வந்தது. ரெண்டு, முந்தின நாள் திகதி போட்டுக் கையால எழுதின பில், அது உண்மையிலயே அப்படித்தான். மூண்டாவது 3/4/2024. சைபர் இல்லாததால ஃபோர்முலா கேள்விக்குறி காட்டியிருக்கு, அவ அதுக்கும் சேர்த்து DATEVALUE இழுத்துவிட்டிருக்கிறா, அது அமெரிக்க வழக்கத்தில மார்ச் 4 எண்டு ஆக்கிட்டுது. அதுக்கு முந்தின பில் ஏப்ரல் 2, அடுத்த பில் ஏப்ரல் 4. அந்த ஒரு செல்லைக் கையால ஏப்ரல் 3 எண்டு மாத்தினவுடன அந்த TRUE போயிட்டுது.