எல்லை: அட்டவணையின் கடைசி வரி அல்ல

பேச்சில் 'லிமிட்' என்றால் 'இதற்கு மேல் போகாதே' என்று பொருள். நுண்கணிதத்தில் அந்தப் பொருள் கிடையாது. அங்கே எல்லை என்பது, x ஓர் எண்ணை நெருங்க நெருங்க, ஒரு சார்பின் மதிப்பு எந்த எண்ணை நெருங்குகிறதோ அந்த எண். x அந்த இடத்தைத் தொட வேண்டியதில்லை. தொட்டால் சார்புக்கு அங்கே மதிப்பே இல்லாமலும் போகலாம்.

'லிமிட்' லத்தீன் மொழியின் 'லீமெஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வயல்களைப் பிரிக்கும் மேட்டுப் பாதைக்கு, அதாவது வரப்புக்கு, அந்தப் பெயர் இருந்தது. பிறகு அது எல்லைக்கோட்டையும் குறித்தது. கணிதத்துக்குள் 'lim.' என்ற சுருக்கக் குறியை 1786-இல் சுவிஸ் கணிதவியலாளர் லூயிலியே பயன்படுத்தினார். 1821-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி தம் பகுப்பாய்வு நூலில், ஒரு மாறியின் மதிப்புகள் ஒரு நிலையான மதிப்பை விரும்பிய அளவுக்கு நெருங்கிக்கொண்டே போனால் அந்த நிலையான மதிப்பே எல்லை என்று வரையறுத்தார்.

மூலச் சொல்லுக்கு நேராக வைத்தால் தமிழில் 'வரம்பு' என்றுதான் வந்திருக்க வேண்டும். வரம்பும் வரப்பும் உறவுச் சொற்கள். ஆனால் பாடநூல்களில் நிலைத்தது 'எல்லை'. இது பழைய சொல். சங்கப் பாடல்களில் 'எல்லையும் இரவும்' என்று வரும் இடத்தில் எல்லை என்றால் பகல். 'எல்' என்பது ஒளி. முடிவிடம் என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு, கணிதம் எடுத்துக்கொண்டது அதைத்தான். 'எல்லை' நிலைத்ததில் ஒரு நன்மை இருக்கிறது: 'வரம்பு' வேறொரு வேலைக்கு மிஞ்சியது. அது எந்த வேலை என்பதற்கு முன், எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று பார்ப்போம்.

எளிய வழி அட்டவணை. sin(x)/x என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். x = 0 என்று போட்டால் 0/0 என்று நின்றுவிடும். அதனால் பக்கத்து எண்களைப் போடுகிறோம். x = 0.1 என்றால் 0.998334, 0.01 என்றால் 0.999983, 0.001 என்றால் 0.99999983. மதிப்பு 1-ஐ நோக்கிப் போகிறது, உண்மையான எல்லையும் 1 தான். (கால்குலேட்டர் பாகை முறையில் இருந்தால் மதிப்புகள் 0.01745 அருகே நிற்கும். அது அட்டவணையின் தவறு அல்ல, பொத்தானின் தவறு.) இப்படி எண்களை வைத்து ஊகிப்பதைத்தான் எண்ணியல் மதிப்பீடு என்கிறோம். 'மதிப்பீடு' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும்: இது ஊகம், நிரூபணம் அல்ல.

அந்த ஊகம் எங்கே காலை வாரும் என்பதற்கு sin(π/x) நல்ல எடுத்துக்காட்டு. x பூச்சியத்தை நெருங்கும்போது இதன் எல்லை என்ன? வழக்கம்போல 0.1, 0.01, 0.001 என்று போடுங்கள். π/x முறையே 10π, 100π, 1000π ஆகும். முழு எண் மடங்கு π-யின் சைன் பூச்சியம். ஆக, 0, 0, 0. எல்லை 0 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகத் தோன்றும்.

சரி, இப்போது 0.3, 0.03, 0.003 என்று போடுவோம். π/0.3 என்பது 3.333…π, π/0.03 என்பது 33.333…π, π/0.003 என்பது 333.333…π. இரட்டைப்படை மடங்கு π-யைக் கழித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 1.333…π தான். அதன் சைன் −0.866. இந்த அட்டவணையும் அசையாமல் நிற்கிறது, ஆனால் வேறு எண்ணில். 0.6, 0.06, 0.006 என்று எடுத்தால் முதல் வரி மட்டும் −0.866, பிறகு எல்லாமே +0.866. மூன்று அட்டவணைகளும் பூச்சியத்தை நோக்கித்தான் போகின்றன. மூன்றும் மூன்று விடை தருகின்றன, மூன்றும் ஒரே அளவு நம்பிக்கையுடன். நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்:

```python
from math import sin, pi
for a in (1, 3, 6):
    print([round(sin(pi/(a*10**-k)), 3) for k in range(1, 6)])
```

முதல் வரியில் -0.0 என்று வந்தால் பயப்பட வேண்டாம், கணினிக்குள் π துல்லியமாக இல்லாததால் மிஞ்சும் துணுக்கு அது.

தவறு எங்கே? பத்தின் அடுக்குகளாக எண்களைக் குறைத்துக்கொண்டே போனது நம் வசதிக்காக. சார்போ x = 1, 1/2, 1/3, 1/4 என்று ஒவ்வொரு 1/n-லும் பூச்சியத்தைக் கடக்கிறது. 0.1, 0.01, 0.001 எல்லாமே அந்தப் பட்டியலில் இருப்பவை. அலை பூச்சியமாகும் இடங்களில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, அலையே இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அப்படியானால் வரைபடம் காப்பாற்றுமா? ஓரளவுக்கு. −1 முதல் 1 வரை வரைந்தால் நடுவை நெருங்க நெருங்க அலைகள் நெருக்கமாவது தெரியும், சந்தேகம் வந்துவிடும். ஆனால் நடுவே என்ன நடக்கிறது என்பதைத் திரையால் காட்ட முடியாது. அடுத்தடுத்த இரண்டு பூச்சியங்களுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய x². திரையின் அகலம் 1000 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளிக்கு 0.002. x² இதைவிடக் குறையும் இடத்தில், அதாவது x சுமார் 0.045-க்குக் கீழே போனால், ஒரு புள்ளிக்குள் ஒரு பூச்சியத்துக்கு மேல் அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு திரையில் தெரிவது அலை அல்ல, மென்பொருள் எந்தெந்த இடத்தில் மதிப்பை எடுத்ததோ அதன் தற்செயலான கோலம்.

பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். இந்தச் சார்பில் பெரிதாக்கினால் நிலைமை மோசமாகும். −1 முதல் 1 வரையிலான சாளரத்தில் கெட்டுப்போன பகுதி 4.5 விழுக்காடுதான். −0.01 முதல் 0.01 வரை பெரிதாக்கினால் அது 45 விழுக்காடு. −0.0001 முதல் 0.0001 வரை போனால் திரை முழுவதுமே பொய். சாதாரணச் சார்புகள் பெரிதாக்கப் பெரிதாக்க அமைதியாகும். இது நேர்மாறு. பெரிதாக்கும்போது படம் தெளிவதற்குப் பதில் குழம்பினால், படத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடிக்க வேண்டிய நேரம் அது.

கணக்கு சிறியதுதான். k ஒரு முழு எண் என்றால், x = 2/(4k+1) என்ற இடங்களில் சைன் 1. x = 2/(4k+3) என்ற இடங்களில் −1. k வளர வளர இரண்டு வரிசைகளும் பூச்சியத்தை நெருங்குகின்றன. பூச்சியத்தைச் சுற்றி எவ்வளவு குறுகிய இடைவெளி எடுத்தாலும் அதற்குள் 1-ம் உண்டு, −1-ம் உண்டு. எந்த ஒற்றை எண்ணும் இரண்டுக்கும் அருகில் இருக்க முடியாது. எனவே எல்லை இல்லை. கோஷியே இதன் உடன்பிறப்பான sin(1/x)-ஐ எடுத்துக்கொண்டு, −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணற்ற மதிப்புகளை அது நெருங்கக்கூடும் என்று காட்டியிருக்கிறார்.

அட்டவணையால் 'இல்லை' என்று நிரூபிக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். வெவ்வேறு எண்களில் நிற்கும் இரண்டு வரிசைகள் கிடைத்து, இரண்டையும் இப்படிச் சூத்திரமாக எழுதிவிட்டால் போதும். 'உண்டு' என்று நிரூபிக்க எத்தனை வரிசையும் போதாது.

இங்கேதான் மிஞ்சிய 'வரம்பு' வேலைக்கு வருகிறது. ஒரு சார்பு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே போகலாம் என்ற கட்டுக்கு அந்தப் பெயர். sin(π/x) ஒருபோதும் −1-க்குக் கீழேயோ 1-க்கு மேலேயோ போகாது. அதற்கு வரம்பு உண்டு, பூச்சியத்தில் எல்லை இல்லை. பேச்சில் இரண்டையும் 'லிமிட்' என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம். அதே சார்பை x-ஆல் பெருக்கிப் பாருங்கள்: x·sin(π/x) எப்போதும் −|x|-க்கும் |x|-க்கும் நடுவே சிக்கியிருக்கிறது. அலை ஓயவில்லை, ஆனால் இரு பக்கத்து வரம்புகளும் பூச்சியத்துக்குச் சுருங்குகின்றன. இதற்கு எல்லை 0, அதைச் சொல்ல ஓர் அட்டவணைகூடத் தேவைப்படவில்லை.